இடவல மாற்றம்

மற்றவர்கள் கீழே விழாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் சேஃப்டி ஆபீசர். நான் ஷாப் ஃப்ளோருக்குள் நுழைந்தால் "லியோ சார் வர்றார்" என்று ஒரு குரல் ஓடும், ஹெல்மெட்டெல்லாம் தலைக்கு ஏறும். நான் கேன்டீன் பக்கம் திரும்பியதும் இறங்கிவிடும். தரையில் எண்ணெய் சிந்தினால் மஞ்சள் போர்டு வைப்பேன். வருடா வருடம் பாதுகாப்பு வாரத்தில் எதுகை மோனையோடு வாசகம் எழுதுவேன். இப்படிப்பட்டவனுடைய மாமியார் பாத்ரூமில் விழுந்தார். காரணம், நான் செய்துகொடுத்த பாதுகாப்பு ஏற்பாடு.

என் மாமியார் சாராள் டீச்சர், சூளகிரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மாமனார் போன பிறகு மத்திகிரியில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் சர்ச் பெண்கள் அவர் வீட்டில்தான் ஜெபத்துக்குக் கூடுவார்கள். ஜெபம் முடிந்ததும் அதே வாயால் ஊர்க்கதை பேசுவார்கள். இரண்டையும் டீச்சர்தான் நடத்துவார். பிரம்பு இருக்காது, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, நடை திரும்பிவிட்டது. இடது கை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. தூக்கலாம், ஆனால் பிடிக்க முடியாது. ஒரு டம்ளரைக்கூட அது நம்பி வாங்காது.

என் மைத்துனன் மெல்வினுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் ஃபிளாட். "அம்மா என் கூட வந்துரட்டும். வீட்ட வாடகைக்கு விட்டுரலாம்" என்றான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தாயைத் தனியாக விட்டுவிட்டுத் தூக்கம் வராத பிள்ளைதான். ஆனால் அதைக் கேட்டதும் டீச்சர் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். டிரான்ஸ்பர் ஆர்டர் வந்த வாத்தியார் முகம்.

அப்போதுதான் நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "வயசானவங்க விழறது வீட்டோட கோளாறு மெல்வின். வீட்ட சரி பண்ணா ஆளு அங்கயே இருக்கலாம். எங்கிட்ட விடு. இது என் டிபார்ட்மெண்ட்."

மெல்வின் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சரி மாமா. ஆனா ஒரு தடவ விழுந்தாங்கன்னா அப்புறம் பேச்சே கிடையாது, நான் கூட்டிகினு போயிருவேன்."

"விழ மாட்டாங்க" என்றேன். சேஃப்டி ஆபீசர் சொல்லக்கூடாத வார்த்தை அது.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அதை மட்டும் நம்புங்கள். டைல்ஸ் வேலைக்கு நாராயணப்பனைப் பிடித்தேன். பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ், சிமெண்டிடம் மூன்றும் கலந்து. பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு படி மாதிரி மேடு கட்டியிருந்தது. டீச்சர் அதைத் தாண்டித் தாண்டித்தான் இத்தனை வருடம் குளித்திருக்கிறார். அதை உடைத்தோம். உடைத்தால் தண்ணீர் ஹாலுக்கு வரும் இல்லையா, அதற்கு உள்ளே தரை முழுவதையும் மூலையிலிருந்த வடிகால் துளைப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத சரிவாக இழுத்தார் நாராயணப்பன். வாசல் ஓரத்திலும் நீளமாக ஒரு வடிகால் வைத்து மேலே சல்லடைத் தகடு போட்டார். வழுவழு டைல்ஸ் போய்ச் சொரசொரப்பு டைல்ஸ் வந்தது. உள்பக்கம் திறக்கிற கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம், உள்ளே ஆள் விழுந்து கிடந்தால் கதவு அவர் மேலேயே முட்டி நிற்கக்கூடாது என்பதற்காக. தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினால் திறக்கிற பூட்டு. கம்மோடு தாழ்வாக இருந்தது, மேலே உயரமான சீட் வைத்தோம். குளிக்க ஸ்டூலும் கை ஷவரும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் கால் தரையில் பட்டாலே தானாக எரிகிற சின்ன விளக்குகள், கண்ணைக் கூசாமல் தரையை மட்டும் காட்டுகிற மாதிரி.

கடைசியாக, கம்மோடு பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஸ்டீல் கைப்பிடிக் கம்பி.

"எந்தப் பக்கம் சார்?" என்றார் நாராயணப்பன்.

பாத்ரூம் வாசலில் நின்றபடி நான் யோசித்தேன். டீச்சருக்கு நல்ல கை வலது கை. ஆகவே வலது பக்கம். என் வலது கையை நீட்டினேன், அந்தச் சுவரில் மார்க்கரால் இரண்டு பெருக்கல் குறி போட்டேன். "இங்க. செங்கல்ல நல்லா பிடிக்கணும், டைல்ஸ்ல மட்டும் நிக்கக்கூடாது."

அவர் ஆழமாகத் துளைத்து ஆங்கர் போல்ட் அடித்தார். முடிந்ததும் என் முழு உடம்பையும் அந்தக் கம்பியில் தொங்கவிட்டுச் சோதித்தேன். நான் தாங்கக்கூடிய கம்பி என்றால் சிப்காட்டில் கிரேனுக்கே போடலாம். அசையவில்லை. "கம்பி இல்ல சார் இது, கல்யாணம். இனி பிரிக்க முடியாது" என்றார் நாராயணப்பன்.

வாசலில் நின்று போட்டோ எடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் கம்பி மின்னியது. முன்பு, பின்பு என்று இரண்டு படங்களை ஒட்டி, 'பணியிடத்தில் கற்றது இல்லத்தில்' என்று தலைப்பு வைத்துக் கம்பெனியில் கைசன் என்கிற சீர்திருத்த யோசனைப் போட்டிக்குக் கொடுத்தேன். முதல் பரிசு வந்தது. ஹாட்பாக்ஸ். பிளாண்ட் ஹெட் கையால் வாங்கி நேராக டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்த பெண்களெல்லாம் ஜெபத்துக்கு முன்னால் பாத்ரூமைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். போதகர்கூட எட்டிப் பார்த்து, "நல்ல ஊழியம்" என்றார்.

"கம்பி வசதியா இருக்குதுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க மாப்ளே" என்றார் டீச்சர். எங்கள் பேச்சு அதோடு முடிந்தது. மாமியாரிடம் கம்மோடு பற்றி அதற்கு மேல் எந்த மருமகன் பேசுவான்.

ஈஸ்டர் முடிந்த வாரம், காலையில் நான் ஷிஃப்ட் மீட்டிங்கில் இருந்தபோது டெல்சி போன் செய்தாள். என் மனைவி போனில் அழுதால் முதலில் மூக்கு உறிஞ்சுவாள், பிறகுதான் சொல்வாள். "அம்மா விழுந்துட்டாங்க."

பக்கத்து வீட்டுப் பொற்கொடி பால் கொண்டுவந்து, தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்திருக்கிறாள். பாத்ரூமிலிருந்து முனகல். காலண்டர் ஆணியில் தொங்கிய பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துக் கதவைத் திறந்திருக்கிறாள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு, காசில் திறக்கும் பூட்டு, இரண்டும் அன்று டீச்சரைக் காப்பாற்றின. இதை நான் உள்ளுக்குள் குறித்துக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டும்போதே மனசு என் தரப்புச் சாட்சிகளைச் சேகரித்துக்கொண்டிருந்தது.

எலும்பு முறியவில்லை. இடுப்பில் கருநீலமாக ஒரு வீக்கம், முழங்கையில் சிராய்ப்பு. டீச்சர் கட்டிலில் படுத்துக்கொண்டு, நர்ஸ் ஊசியைத் தவறாகப் பிடிப்பதாகத் திருத்திக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து மெல்வின் வந்து சேர்ந்திருந்தான்.

"எப்படிம்மா விழுந்தே?"

"எந்திரிக்கும்போது டவல் ராடைப் புடிச்சேன். புடுங்கிகினு வந்துருச்சு."

பழைய டவல் ராடு. மாமனார் காலத்தில் பிளாஸ்டிக் குச்சியை டைல்ஸில் சொருகி மாட்டியது. துண்டு தொங்க மட்டும் பிறந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"டவல் ராடா?" என்றேன் நான். "கம்பி இருக்குதுங்களே அத்தை. அதப் புடிக்கலீங்களா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். "நெனப்பு வரலீங்க மாப்ளே."

எனக்குச் சொல்ல முடியாத நிம்மதி. தொழிற்சாலையில் விபத்து விசாரணை நடத்தியவர்களுக்கு இந்த நிம்மதி தெரியும். மெஷின் மேல் தப்பில்லை, தடுப்பு மூடி இருந்தது, விளக்கு இருந்தது, ஆபரேட்டர்தான் கவனக்குறைவு. ஃபைலை மூடிவிடலாம். என் கம்பி நிரபராதி.

ஆனால் மெல்வின் ஃபைலை மூடவில்லை. வராந்தாவுக்கு எங்களைக் கூட்டிப்போய், தாழ்ந்த குரலில் சொன்னான். "விழுந்தது கூடப் பரவால்லக்கா. கை பக்கத்துல அவ்ளோ பெரிய கம்பி இருக்கு, அது நெனப்பு வரலங்கறாங்க பாரு. இன்னிக்கு கம்பி, நாளைக்கு கேஸ ஆஃப் பண்றது நெனப்பு வராது. இனிமே தனியா விட முடியாது. ஞாயித்துக்கெழம கார் எடுத்துகினு வரேன்."

டெல்சி என்னைப் பார்த்தாள். என் டிபார்ட்மெண்ட் என்று சொன்னவன் ஏதாவது சொல்வான் என்று. நான் செருப்பைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் மத்திகிரி வீட்டில் இருந்தோம். அடுப்பில் கோழிக்குழம்பு. டீச்சருடைய பெட்டியும் பையும் வாசல் பக்கம் வந்துவிட்டன. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே நின்ற பொற்கொடிக்கு ரோஜாத் தொட்டிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். "மஞ்சளுக்குத் தண்ணி கம்மியா ஊத்து. வெள்ளிக்கெழம கூட்டத்த உன் வீட்டுலயே வெச்சுக்கோங்க. பாய் எடுத்துக்கோ." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பொற்கொடிதான் மூக்கைச் சிந்தினாள்.

அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், பிய்ந்த டவல் ராடைக் கழற்றுகிறேன் என்று ஸ்குரூ டிரைவரோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

ராடு ஒரு முனையில் தொங்கியது. மறுமுனை இருந்த இடத்தில் டைல்ஸில் பொத்தல். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அங்கே என் முதல் பரிசுக் கம்பி மின்னிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கைரேகைகூட இல்லை.

எங்கள் விசாரணையில் ஒரு முறை உண்டு. ஏன் என்று கேள், பதில் வந்ததும் அதற்கு ஏன் என்று கேள், அடி தட்டும் வரை விடாதே. ஏன் விழுந்தார்? ராடு பிய்ந்தது. ஏன் ராடைப் பிடித்தார்? கம்பி நினைவுக்கு வரவில்லை. இங்கேதான் ஆஸ்பத்திரியில் நான் நின்றுவிட்டேன். கம்பெனியில் என் ஜூனியர் இப்படி நின்றால் திரும்ப அனுப்புவேன். ராடு பிய்ந்து தொங்குகிற விதத்தைப் பார்த்தால் ஒருநாள் பிடித்த பிடி இல்லை. தினம் தினம் இழுத்து இழுத்துத் தளர்ந்த துளை. நினைவில்லாமல் பிடித்தவர் தினமுமா நினைவில்லாமல் பிடிப்பார்?

இத்தனை நாளில் செய்யாத ஒரு காரியத்தை அப்போது செய்தேன். கம்மோடு மூடியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். இடது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டேன், அது இல்லை என்று வைத்துக்கொண்டு. கதவைப் பார்த்தபடி எழுந்திருக்கப் பார்த்தேன்.

கம்பி என் இடது தோள் பக்கம் இருந்தது.

வலது கையைக் குறுக்கே நீட்டிப் பார்த்தேன். உடம்பு திருகியது, பிடி கிடைத்தது, ஆனால் எழுந்தால் பக்கவாட்டில் சாய்ந்துதான் எழ வேண்டும். வலது கையை நேராக நீட்டினால் எதுவும் செய்யாமலே கிடைக்கிற ஒரே பொருள், டவல் ராடு.

வாசலில் நின்று பார்த்தால் வலது. உட்கார்ந்து பார்த்தால் இடது. நான் வாசலில் நின்று பார்த்தேன், வாசலில் நின்று குறி போட்டேன், வாசலில் நின்று போட்டோ எடுத்தேன். அந்த பாத்ரூமில் உட்காராத ஒரே ஆளுக்கு ஏற்ற மாதிரி கம்பி வைத்துப் பரிசும் வாங்கிவிட்டேன்.

பாக்கெட்டில் கை விட்டபடி, குறுக்கே திருகிக்கொண்டு, நான் அங்கேயே இருந்தேன். எழுந்திருக்க மனசு வரவில்லை. அவர் தினமும் காலையில் இந்தத் திருகலைத் திருகியிருக்கிறார், அல்லது ராடை நம்பியிருக்கிறார். நான் போகும்போதெல்லாம் 'நல்லா இருக்குதுங்க மாப்ளே' என்றிருக்கிறார்.

அப்போது பூட்டில் காசு திரும்பும் சத்தம் கேட்டது. கதவு வெளிப்பக்கமாக, நான் திட்டமிட்டபடியே, தடையில்லாமல் திறந்தது.

மெல்வின் நின்றான். "ரொம்ப நேரமா சத்தமே காணோம்னு…" என்று ஆரம்பித்தவன் என் கோலத்தைப் பார்த்தான். "என்ன மாமா பண்றீங்க?"

"பூட்டு செக் பண்றேன்" என்றேன். "நல்லா வேல செய்யுது."

"பாக்கெட்ல கைய விட்டுகினா?"

"அது வேற செக்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும், என்னைப் பற்றி உங்களுக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். சொல்லவில்லை. நோட்டீஸ் போர்டில் தொங்கும் போட்டோ, போதகர், ஹாட்பாக்ஸ் எல்லாம் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன.

சாப்பாடு. ஹாட்பாக்ஸிலிருந்துதான் இடியாப்பம் பரிமாறினார்கள். டெல்சி என் தட்டில் வைத்தபோது எனக்கு அது இறங்கவில்லை. டீச்சர் வலது கையால் மெதுவாகச் சாப்பிட்டார். இடது கை மடியில், படிப்பு வராத பிள்ளை மாதிரி ஓரமாக உட்கார்ந்திருந்தது.

"அங்க உனக்கு எல்லா வசதியும் இருக்கும்மா" என்றான் மெல்வின். "நெனப்பு இல்லன்னாலும் நாங்க பாத்துப்போம்."

டீச்சர் கை இடியாப்பத்தில் நின்றது. அவருடைய நினைவைப் பற்றி அவர் காதுபட ஒருவன் பேசியது அது முதல் தடவை. பள்ளிக்கூடம் முழுக்க எந்தப் பிள்ளை எந்தப் பரீட்சையில் எதைக் காப்பியடித்தது என்று இன்றுவரை சொல்லக்கூடியவர். மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

எனக்கு வாய் திறந்துவிட்டது.

"மெல்வின், அத்தைக்கு நெனப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கம்பிதான் பக்கம் மாறி இருக்கு. இப்பதான் உக்காந்து பாத்தேன். வலது கைக்கு வர வேண்டியது இடது கைக்கு வந்துருச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் நாக்கு எப்போதும் ஒரு ஜோக்கைத் தேடிக்கொண்டுதான் ஓடும், தப்பிப்பதற்கும் அது அதே வழியில்தான் ஓடியது.

"என்ன ஆச்சுன்னா, நான் நாராயணப்பன் கிட்ட, 'சரியான எடம் பாத்து அடிங்க'ன்னேன். அவருக்குத் தெலுங்கு. 'எடம'ன்னா அவங்களுக்கு இடது பக்கம். நான் எடம்ங்கறேன், அவர் எடமங்கறார். அடிச்சுட்டார்."

ஒரு விநாடி கழித்து டெல்சி சிரித்தாள். மெல்வினும் சிரித்தான். "ஓசூர்ல வீடு கட்டுனா இதான்" என்றான். "அந்தாளக் கூப்புட்டு நல்லா கேக்கணும் மாமா. அம்மா இடுப்பு போயிருக்கும். இனி யாரும் அவருக்கு வேல குடுக்காதபடி பண்ணணும்."

என் சிரிப்பு பாதியில் கெட்டியானது. ஜோக் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் ஒரு ஆள் இருந்தார் என்பதுதான் பிரச்சினை.

டீச்சர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாராயணப்பன் மேல பழி போடாதீங்க மாப்ளே" என்றார். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசும் குரல். "நான் ஹால்ல இந்த நாற்காலியிலதான் இருந்தேன். அவர் எந்தப் பக்கம்னு கேட்டார். நீங்க வாசப்படியில நின்னு கைய நீட்டுனீங்க. மார்க்கர் உங்க கையிலதான் இருந்துச்சு. பச்ச கலரு. ரெண்டு எக்ஸ் போட்டீங்க. அப்புறம் கம்பியில தொங்குனீங்க, சட்ட பின்னாடி கிழிஞ்சுது, எங்கிட்ட சொல்லாம இன் பண்ணிகினு போனீங்க."

டெல்சி என் பக்கம் திரும்பினாள். "அந்த நீலச் சட்டையா?"

கிழிந்த சட்டை இப்போது ஒரு பிரச்சினையே இல்லை.

"எட்டாங்கிளாஸ் பாடம் அது" என்றார் டீச்சர். "இடவல மாற்றம். கண்ணாடியில பாக்கறவனுக்கு வலது, உள்ள நிக்கறவனுக்கு இடது. எத்தன வருசம் போர்டுல எழுதியிருப்பேன். மொத நாளே உக்காந்ததும் தெரிஞ்சுது எனக்கு."

"அப்புறம் ஏம்மா சொல்லல?" மெல்வின் குரல் உடைந்தது. "ஆஸ்பத்திரில கூட நெனப்பு வரலன்னியே."

"என்னன்னு சொல்லச் சொல்ற? மாப்பிள்ள கிட்டப் போயி, நான் இப்படி உக்காருவேன், இந்தக் கைய ஊனி எந்திரிப்பேன்னு நடிச்சுக் காட்டவா? அவர் லீவு போட்டு, தூசியெல்லாம் தின்னு, ஆசயா செஞ்சு குடுத்தாரு. போட்டோ புடிச்சாரு. போதகர் வேற வந்து பாத்துட்டுப் போனாரு. ராடு இருக்குதே, போதும்னு நெனச்சேன். அதுல என் தப்பும் இருக்கு. ஆனா மறந்துட்டேன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. மரியாதைக்குச் சொன்ன பொய் அது. அதுக்கா என் வீட்டப் புடுங்குவீங்க?"

சமையலறையில் குழம்பு சூடாறி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எல்லோரும் என்னைச் சமாதானம் செய்திருப்பார்கள். அதற்குக்கூட அருகதை இல்லாத மாதிரி கண் காய்ந்து இருந்தது.

"நான்தான் அத்தை" என்றேன். "எடமும் இல்ல, எடமவும் இல்ல. நான்தான்."

"தெரியும்" என்றார் டீச்சர். "கை கழுவிட்டு வாங்க. மார்க்கர் இருக்குதா?"

வண்டியில் இருந்தது. கொண்டுவந்தேன். டீச்சர் எழுந்து, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு, பாத்ரூமுக்குள் நேராக நடந்தார். படி இல்லாத வாசலில் அவர் கால் தயங்கவே இல்லை. அது மட்டும் நான் சரியாகச் செய்தது. விளக்கு தானாக எரிந்தது. மூடி போட்ட கம்மோடு மேல், புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தார். நான் வாசலிலேயே நின்றேன். கால் உள்ளே போகவில்லை.

"அங்க நின்னுதான் மொதல்லயே கெடுத்தீங்க" என்றார். "உள்ள வாங்க மாப்ளே."

உள்ளே போனேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் உட்கார்ந்திருந்தால் நான் எதிரே இவ்வளவு பக்கத்தில் நின்றதில்லை. டெல்சி பின்னால் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெல்வின் கதவோரம்.

"எந்திரிக்கற மாதிரி கைய வெக்கறீங்களா அத்தை?"

அவர் சற்று முன்னால் குனிந்தார். வலது கை, யாரும் சொல்லித்தராமல், சுவரில் தானாக ஒரு இடத்துக்குப் போய் ஒட்டியது. நான் நினைத்ததைவிட முன்னால், நான் நினைத்ததைவிடத் தாழ்வாக. மற்ற சுவரில் நான் என் உயரத்துக்கு வைத்திருந்தேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கை மெல்லியதாக, பொட்டுப் பொட்டாக மச்சத்தோடு இருந்தது. நான் மண்டியிட்டு, விரல்களைச் சுற்றிப் பச்சை மார்க்கரால் கோடு இழுத்தேன். கோடு கோணலாக வந்தது.

"நேரா போடுங்க" என்றார் டீச்சர்.

"இன்னொண்ணு" என்றான் மெல்வின். அவனும் உள்ளே வந்து, தரையில், தாய் விழுந்து கிடந்த இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். சுவரில் தாழ்வாக ஒரு இடத்தைத் தொட்டான். "இங்க ஒரு காலிங் பெல் பட்டன். விழுந்தா படுத்துகினே அமுத்தற மாதிரி. பொற்கொடிக்கா வீட்ல மணி அடிக்கணும், என் போனுக்கும் வரணும். அதுக்கு ஒத்துகினா நான் பெட்டிய எறக்கறேன்."

"பெட்டி இன்னும் ஏத்தலையேடா" என்றார் டீச்சர்.

"ஏத்தலன்னா விடு."

அந்தப் பெட்டியை மெல்வினே தூக்கிக்கொண்டுபோய் அவர் அறையில் வைத்தான். பொற்கொடி, ரோஜாத் தொட்டிகளைத் திருப்பித் தருவதாக இல்லை என்று சொல்லிவிட்டு மஞ்சளுக்கு அதிகமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் நாராயணப்பன் டிரில்லோடு வந்தார். அவரிடம் நேற்றைய கதையை முழுசாக, எடம் எடம ஜோக்கையும் விடாமல், நானே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எம்மேல போட்டீங்களா சார்?" என்றார். "ஆமாங்க" என்றேன். "பரவால்ல, நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க" என்று டிரில்லில் பிட்டை மாட்டினார். அன்று முழுதும் நான் நீட்டிய டீயைத் தொடவில்லை. டீச்சர் கொடுத்த டீயைத்தான் குடித்தார்.

"எந்தப் பக்கம் டீச்சர்?" என்று உள்ளேயிருந்து கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

"குடி பக்கம், நாராயணப்பா" என்று ஹாலிலிருந்து டீச்சர் சத்தமாகச் சொன்னார். தெலுங்கில் அது வலது. வெள்ளிக்கிழமைக்குப் பாய் கேட்டு வந்திருந்த சர்ச் பெண்மணி ஒருத்தி அதைத் தமிழாகக் கேட்டுத் திடுக்கிட்டாள்.

புதுக் கம்பி பச்சைக் கோட்டின் மேல் போனது. டீச்சர் உட்கார்ந்தார், பிடித்தார், எழுந்தார். யாரும் கை தட்டவில்லை, நானும் போட்டோ எடுக்கவில்லை.

"சார், அந்தப் பக்கத்துக் கம்பிய கழட்டிரலாமா?" என்றார் நாராயணப்பன்.

"இருக்கட்டுங்க" என்றார் டீச்சர். "டவல் ராடு போயிருச்சே. துண்டு போட ஏதாச்சும் வேணும்ல."

இப்போது போகும்போதெல்லாம் அந்தத் துண்டு அதில் தொங்குகிறது. ஒரு யானையைத் தாங்கும் கம்பியில் ஒரு ஈரத் துண்டு. கம்பெனியில் கைசன் போர்டிலிருந்து படத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் சார், எவ்வளவு நல்ல படம் என்றார்கள். காரணத்தைச் சொன்னேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்னும் கேன்டீன் வழியில்தான் தொங்குகிறது. அதைத் தாண்டும்போது நான் தலையை இடது பக்கம் திருப்பிக்கொள்கிறேன். எதிரே வருகிறவர்களுக்கு அது வலது.